ஷேர் ஆட்டோ மீமுக்குச் சிரிக்கிறோம், நம் எல்.ஆர்.டி. மீமுக்கு ஏன் சிரிப்பு வரவில்லை?

செந்தூல்_கவிதா · திங்கள், இரவு 9.12

எல்லோருக்கும் வணக்கம். ஒரு வாரமாக மண்டையைக் குடையும் விஷயம் இது.

சென்னையில் இருக்கும் என் சித்தி மகள் ஒரு மீம் அனுப்பினாள். ஷேர் ஆட்டோ படம். எண்ணிப் பார்த்தேன், ஓட்டுநரைத் தவிர ஒன்பது தலைகள். ஓட்டுநரின் பாதி உடம்பு வண்டிக்கு வெளியே இருக்கிறது. அவர் சாலையைப் பார்த்துச் சொல்வது போல கீழே ஒரு வரி: "இன்னும் ரெண்டு பேர் வந்தா கிளம்பிடலாம்." நான் ஷேர் ஆட்டோவில் ஏறியதே இல்லை. கோலாலம்பூரை விட்டுச் சென்னைக்குப் போனது ஒரே தடவை, அதுவும் கல்யாணத்துக்கு, வேனில். ஆனாலும் வயிறு வலிக்கச் சிரித்தேன். செந்தூலில் இருக்கும் என் அத்தைக்கு அனுப்பினேன், அவருக்கு அறுபத்து மூன்று வயது, அவரும் சிரித்தார்.

சரி, நம் ஊருக்கு ஏற்ற மாதிரி மாற்றுவோம் என்று உட்கார்ந்தேன். தினமும் செந்தூல் தீமூரில் எல்.ஆர்.டி. ரயில் ஏறி, மஸ்ஜிட் ஜாமெக்கில் இறங்கி, கிளானா ஜெயா பாதைக்கு மாறி, கேஎல்சிசி போகிறேன். எனக்குத் தெரியாத நெரிசலா? கதவு வரைக்கும் ஆள் நிரம்பிய பெட்டியை வரைந்து, அதே வரியைக் கீழே போட்டேன். ஆப்பீஸ் குழுவில் பன்னிரண்டு பேர் பார்த்தார்கள். ஒருவர் மட்டும் கட்டைவிரல் காட்டினார். அத்தை "என்னம்மா இது?" என்று கேட்டார்.

அதே நெரிசல், அதே வரி. எது தப்பாகப் போனது? எனக்கு நிஜமாகவே தெரிந்துகொள்ள ஆசை.

மாறன்77 · திங்கள், இரவு 9.40

ரொம்ப சுலபம். கிளானா ஜெயா ரயிலில் ஓட்டுநரே கிடையாது, எல்லாம் கம்ப்யூட்டர். ஓட்டுநர் இல்லாத வண்டியில் "கிளம்பிடலாம்" என்று யார் சொல்வது? அதே மீமை நீங்கள் செந்தூலில் ஏறுகிற அம்பாங் பாதைக்குப் போடுங்கள், அங்கே ஓட்டுநர் இருக்கிறார், எடுபடும். இன்னொன்று, சென்னைக்காரர்களுக்கு நகைச்சுவை ரத்தத்திலேயே இருக்கிறது. நம் ஊரில் ஆள் சேர்த்துக்கொண்டு கிளம்புகிற வண்டி எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. அந்த அனுபவமே இல்லாத இடத்தில் அந்த மீம் ஒட்டாது.

செந்தூல்_கவிதா · திங்கள், இரவு 9.51

மாறன், ஓட்டுநர் விஷயம் யோசிக்க வைக்கிறது. ஆனால் அனுபவம் இல்லாததால் ஒட்டாது என்றால், அத்தை மூல மீமுக்கு ஏன் சிரித்தார்? அவர் தமிழ்நாட்டுக்குப் போனதே இல்லை.

பழைய_ரூட் · திங்கள், இரவு 10.30

தங்கச்சி, உங்கள் அத்தை ஷேர் ஆட்டோவுக்குச் சிரிக்கவில்லை. பஸ் மினிக்குச் சிரித்தார். அவரையே கேட்டுப் பாருங்கள்.

நான் இருபத்திரண்டு வருடம் பஸ் கட்டுப்பாட்டு அறையில் இருந்து ஓய்வு பெற்றவன். அதற்கு முன்னால், பள்ளி முடித்த காலத்தில், தினம் பஸ் மினியில் தொங்கினவன். கோலாலம்பூரில் 1975இல் வந்தது, 1998இல் நின்றது. இளஞ்சிவப்பு நிறம், எங்கே ஏறி எங்கே இறங்கினாலும் ஒரே கட்டணம், கடைசியாக 60 சென். கண்டக்டர் இருந்த வண்டியில் கண்டக்டர், இல்லாத வண்டியில் ஓட்டுநரே, கண்ணாடியில் நம்மைப் பார்த்துக் கத்துவார்: "மாசோக் டாலாம்! பெலாக்காங் கோசோங்!" உள்ளே போ, பின்னால் காலி என்று. பின்னால் காலியே இருக்காது. பின்னால் நிற்பவனுக்கும் தெரியும், கத்துபவருக்கும் தெரியும், ஏறப்போகிறவனுக்கும் தெரியும். ஆனாலும் எல்லோரும் அரை அடி நகர்வோம்.

மாறன் தம்பி பாதி சரியாகச் சொன்னார். மீமில் ஒரு குரல் வேண்டும் என்பது உண்மை. ஆனால் ஓட்டுநர் இருந்தால் மட்டும் போதாது. அம்பாங் பாதையில் ஓட்டுநர் கண்ணாடிக்குப் பின்னால் தனி அறையில் உட்கார்ந்திருக்கிறார். உங்களை ஏறச் சொல்வதும் இல்லை, தள்ளி நிற்கச் சொல்வதும் இல்லை. நீங்கள் ஏறினாலும் ஏறாவிட்டாலும் அவர் சம்பளம் அதேதான். ஷேர் ஆட்டோக்காரருக்கு அப்படி இல்லை. தலைக்கு இவ்வளவு என்று வாங்குகிறார், வண்டி வாடகையும் எண்ணெய்க் காசும் போக மிஞ்சுவதுதான் வீட்டுக்கு. ஏழு பேரோடு கிளம்பினால் செலவு கட்டும், ஒன்பதாவது ஆளில்தான் அவருக்குச் சாப்பாடு. அதனால்தான் அந்தக் குரலில் ஒரு கெஞ்சலும் ஒரு பொய்யும் கலந்திருக்கிறது. நாம் அந்தப் பொய்யைக் கண்டுபிடித்துச் சிரிக்கிறோம், அந்தக் கெஞ்சல் புரிவதால் கோபப்படாமல் நகர்ந்து உட்காருகிறோம். ரயில் பெட்டியில் கடைசியாக ஏறுகிற ஆளை நம்பி யாருடைய அடுப்பும் எரியவில்லை. அங்கே அந்த வரியைச் சொல்ல ஆளே இல்லை.

அப்புறம், நம் ஊரில் அப்படி வண்டியே இருந்ததில்லை என்பது தவறு. புடுராயாவில் ஈப்போ போகிற டெக்சி எப்படிக் கிளம்பும்? நாலு பேர் சேர வேண்டும். மூன்று பேர் ஏறி உட்கார்ந்து வேர்த்துக்கொண்டிருப்போம். டெக்சிக்காரர் வெளியே நின்று கூப்பிடுவார்: "ஈப்போ, ஈப்போ, சத்து ஓராங் லாகி!" இன்னும் ஒரே ஒருத்தர். அந்த ஒருத்தர் வர ஒரு மணி நேரம் ஆகும். அவசரம் என்றால் நாலாவது சீட்டின் காசை மூன்று பேரும் பங்கு போட்டுக் கொடுத்துவிட்டுக் கிளம்பச் சொல்வோம். உங்கள் சென்னை மீமை இதன் மேல் அப்படியே வைக்கலாம், ஒரு எழுத்து மாற்ற வேண்டாம்.

கிண்டி_டு_கேஎல் · செவ்வாய், காலை 7.20

சென்னையிலிருந்து வேலைக்காக வந்து மூன்று வருடம் ஆகிறது. கிண்டியிலிருந்து போரூருக்கு நான்கு வருடம் ஷேர் ஆட்டோவில் போனவன் என்ற முறையில் சொல்கிறேன்.

ஓட்டுநர்கள் "இடம் இருக்கு" என்று அதிகம் சொல்ல மாட்டார்கள். "கொஞ்சம் தள்ளி உக்காருங்க" என்பார்கள். இரண்டும் வேறு. முதலாவது ஏறப்போகிறவரிடம் சொல்வது, இரண்டாவது ஏற்கெனவே உள்ளே இருப்பவரிடம் சொல்வது. பின் சீட்டில் நாலு பேர், எதிர்ப் பலகையில் மூன்று பேர், ஓட்டுநருக்கு இரண்டு பக்கமும் ஒவ்வொருவர். ஓட்டுநர் பக்கத்தில் உட்கார்ந்தவருக்கு ஒரு கால் தரையில், ஒரு கால் காற்றில். அந்த இடத்தில் இருந்து பார்த்தால்தான் தெரியும், நெரிசலை உண்டாக்குவது ஓட்டுநர் மட்டும் இல்லை. உள்ளே இருக்கும் அக்கா பையை மடியில் வைத்து இடம் பண்ணித் தருவார். அவர் மனது வைத்தால்தான் ஒன்பதாவது ஆள் ஏற முடியும்.

பஸ்ஸிலும் இது உண்டு. கூட்டத்தில் கண்டக்டர் உங்களிடம் வர முடியாது. காசை முன்னால் இருப்பவர் கையில் கொடுத்து "ஒரு தாம்பரம்" என்றால், நாலைந்து கை மாறிப் போய், டிக்கெட்டும் சில்லறையும் அதே வழியில் திரும்பி வரும். யார் முகமும் தெரியாது, சில்லறை மட்டும் சரியாக வந்துவிடும். சென்னை நெரிசல் மீம்களில் பாதி இந்தக் கைகளைப் பற்றியதுதான். இங்கே எல்லோரும் நுழைவாயிலிலேயே அட்டையைத் தட்டிவிட்டு வருகிறோம். பெட்டிக்குள் ஒருவருக்கொருவர் எந்த வேலையும் இல்லை. ஆளுக்கு ஒரு போனைப் பார்த்துக்கொண்டு நிற்கிறோம். மீமுக்குப் பிடிமானம் எங்கே கிடைக்கும்?

ஷா_ஆலம்_சரண் · செவ்வாய், காலை 8.05

எல்.ஆர்.டி. என்று தலைப்பில் பார்த்தேன். அந்த 50 ரிங்கிட் மாத பாஸ் எடுத்தால் பஸ்ஸுக்கும் செல்லுமா? தம்பிக்கு எடுக்க வேண்டும்.

மாறன்77 · செவ்வாய், காலை 8.30

செல்லும், சரண். 30 நாளைக்கு ரேப்பிட் கேஎல் பஸ், எல்.ஆர்.டி., எம்.ஆர்.டி., மோனோரயில் எல்லாம். மலேசியக் குடிமக்களுக்கு மட்டும், அடையாள அட்டையைக் கொண்டுபோகச் சொல்லுங்கள். கே.டி.எம். கொமுட்டருக்கு இந்த பாஸ் ஆகாது. சரி, நாம் பேச்சுக்குத் திரும்புவோம். புடுராயாவை மறந்துவிட்டேன், அண்ணே, ஒப்புக்கொள்கிறேன்.

தண்ணீர்மலை · செவ்வாய், மதியம் 1.15

பினாங்கிலிருந்து எழுதுகிறேன். உங்களுக்காவது ரயில் இருக்கிறது. எங்களுக்கு லைட் ரயில் வேலையே 2025இல்தான் தொடங்கியது, அது முடியும் வரைக்கும் பஸ்தான்.

எங்கள் குழுவில் அடிக்கடி சுற்றும் மீம் ஒன்று உண்டு. முதல் கட்டத்தில் நிறுத்தத்தில் ஒருவன் நிற்கிறான். இரண்டாவது கட்டத்தில் அவனுக்குத் தாடி வளர்ந்துவிட்டது. மூன்றாவது கட்டத்தில் ஒரே எண்ணுள்ள மூன்று பஸ் வரிசையாக வருகிறது. முதல் பஸ்ஸில் ஜன்னல் வரைக்கும் ஆட்கள், கடைசி பஸ்ஸில் ஓட்டுநர் மட்டும். கீழே: "அண்ணன் தம்பி மூணு பேரும் ஒண்ணாத்தான் குளிச்சிட்டுக் கிளம்புவாங்க."

இதற்கு நான் சிரிப்பதில்லை, உடம்பு எரிகிறது. சாயங்காலம் ஆறு மணிக்குக் கொம்தாரில் நாற்பது நிமிடம் நின்றிருக்கிறேன். அதன் பிறகு இரண்டு வண்டி ஒட்டிக்கொண்டு வந்தது. ஓட்டுநர்கள் எங்கேயோ சேர்ந்து டீ குடித்துவிட்டு வருகிறார்கள் என்பதுதான் என் முடிவு. பழைய ரூட் அண்ணே, நீங்கள் கட்டுப்பாட்டு அறையில் இருந்தவர். அவர்களைக் கேட்க ஆளே இல்லையா?

பழைய_ரூட் · செவ்வாய், இரவு 9.05

தம்பி, உங்கள் கோபம் நியாயம். ஆனால் டீ குடித்தார்கள் என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். இந்தக் குற்றச்சாட்டை என் ஓட்டுநர்கள் மேல் பல தடவை கேட்டிருக்கிறேன், அதனால் பொறுமையாக எழுதுகிறேன்.

பத்து நிமிடத்துக்கு ஒரு பஸ் என்று வையுங்கள். ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் நிமிடத்துக்கு ஒருவர் வந்து சேர்கிறார். ஒருவர் ஏறி அட்டையைத் தட்ட மூன்று வினாடி. நேரத்துக்கு வரும் பஸ், பத்துப் பேரை ஏற்றி முப்பது வினாடியில் கிளம்பிவிடும்.

இப்போது ஒரு பஸ் ஜேமில் மாட்டி நாலு நிமிடம் தாமதம். நிறுத்தத்தில் பத்துக்குப் பதில் பதினாலு பேர். ஏற்ற நாற்பத்திரண்டு வினாடி ஆகிறது. பன்னிரண்டு வினாடி மேலும் தாமதம். அடுத்த நிறுத்தத்தில் ஆள் இன்னும் கொஞ்சம் கூடுதல், தாமதமும் கூடுதல். பின்னால் வரும் பஸ்ஸைப் பாருங்கள். அது நேரத்துக்குத்தான் வருகிறது. ஆனால் முன் பஸ் போய் ஆறு நிமிடமே ஆனதால் நிறுத்தத்தில் ஆறு பேர்தான். பதினெட்டு வினாடியில் கிளம்பிவிடுகிறது. முன் பஸ் ஒவ்வொரு நிறுத்தத்திலும் நேரத்தை இழக்கிறது, பின் பஸ் ஒவ்வொரு நிறுத்தத்திலும் நேரத்தைச் சம்பாதிக்கிறது. ஆறு நிமிட இடைவெளி, கணக்குப் போட்டால் பதினோராவது நிறுத்தம் வாக்கில் பூஜ்யம். இரண்டும் ஒட்டிவிட்டன. முன்னால் இருப்பதில் மூச்சு விட இடமில்லை, பின்னால் இருப்பதில் ஆளே இல்லை.

இதில் எந்த ஓட்டுநர் தப்பு செய்தார்? ஒருவரும் இல்லை. முன் பஸ் ஓட்டுநர் பாவம், எல்லோருடைய ஏச்சையும் வாங்கிக்கொண்டு அதிக ஆட்களை ஏற்றிக்கொண்டு வருகிறார்.

எங்கள் அறையிலிருந்து செய்யக்கூடியது ஒன்றுதான். பின்னால் வரும் பஸ்ஸை ஒரு நிறுத்தத்தில் மூன்று நாலு நிமிடம் பிடித்து வைப்பது. அதைச் செய்தால் இன்னொரு மீம் வரும். நீங்களும் பார்த்திருப்பீர்கள்: கதவு திறந்த பஸ், இன்ஜின் ஓடுகிறது, ஓட்டுநர் ஸ்டியரிங்கில் கை வைத்துச் சும்மா உட்கார்ந்திருக்கிறார், பின்னால் பயணிக்கு எலும்புக்கூடு முகம். உங்கள் மூன்று பஸ் மீமுக்கு மருந்துதான் இந்த மீமில் திட்டு வாங்குகிறது. உள்ளே இருக்கும் பதினைந்து பேருக்கு முன்னால் நிற்கிற ஐம்பது பேர் கண்ணுக்குத் தெரிவதில்லை.

தண்ணீர்மலை · புதன், காலை 6.50

இப்படி யாரும் எனக்குச் சொன்னதில்லை. டீ விஷயத்தை வாபஸ் வாங்குகிறேன். ஆனால் அண்ணே, ஒரு நிறுத்தத்தில் பிடித்து வைத்தார்களா, எத்தனை நிமிடம் என்று ஓட்டுநர் ஒரு வார்த்தை சொன்னால் என்ன? சொன்னால் யாரும் எலும்புக்கூடு வரைய மாட்டார்கள். இரண்டாவது, தாமதம் சிறியதாக இருக்கும்போதே பிடிக்க வேண்டியதுதானே, நாற்பது நிமிடம் ஆகும் வரைக்கும் விடுவதா?

பழைய_ரூட் · புதன், காலை 7.15

முதல் கேள்விக்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. சொல்லியிருக்க வேண்டும். இரண்டாவது: நாற்பது நிமிடம் என்றால் அது ஒட்டிக்கொண்டதால் மட்டும் வந்தது இல்லை, நடுவில் ஒரு வண்டியே ஓடவில்லை என்று அர்த்தம். பழுதாகியிருக்கும், அல்லது ஓட்டுநர் ஆள் குறைவு. பஸ் இருந்தால்தான் பிடித்து வைக்க முடியும், இல்லாத பஸ்ஸைப் பிடிக்க முடியாது.

ரவாங்_ராணி · புதன், இரவு 8.40

இரண்டு நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். எல்லோரும் நன்றாக எழுதுகிறீர்கள், ஆனால் ஒன்று சொல்லியே ஆக வேண்டும்.

"தள்ளி உக்காருங்க", "அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க" என்ற வரி ஆண்களுக்குச் சிரிப்பு. நான் பதினேழு வயதிலிருந்து கொமுட்டரில் வருகிறேன். கூட்டத்தில் யாரோ நெருங்கி நிற்கும்போது அது கூட்டத்தால் நடந்ததா வேண்டுமென்று செய்ததா என்று ஒவ்வொரு நிமிடமும் கணக்குப் போட்டுக்கொண்டே வர வேண்டியிருக்கும். பையை முதுகில் மாட்டாமல் முன்னால் மாட்டுவது திருடனுக்காக மட்டும் இல்லை. 2010இல் கொமுட்டரில் பெண்களுக்குத் தனிப் பெட்டி வந்தபோது என் அம்மா கடவுளுக்கு நன்றி சொன்னார். பெண்கள் பெட்டியைக் கேலி செய்து எத்தனை மீம் பார்த்திருக்கிறேன்! "உள்ளே ஏசி, வெளியே நாங்க" மாதிரி. அந்தப் பெட்டி ஏன் வந்தது என்று சொல்லும் மீம் ஒன்றையும் நான் பார்த்ததில்லை.

எல்லோரும் ஒன்றாகப் படும் கஷ்டம் என்று சொல்கிறோம். ஒரே பெட்டியில் நின்றாலும் கஷ்டம் ஒன்று இல்லை. கவிதா, நீங்கள் புதிதாக வரையும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

செந்தூல்_கவிதா · புதன், இரவு 9.30

ராணி அக்கா, நன்றி. என் முதல் படத்தில் எல்லோரையும் ஒட்டிக்கொண்டு நிற்கும் மாதிரி வரைந்து, நடுவில் ஒரு பெண்ணின் பிதுங்கிய முகத்தைப் பெரிதாகப் போட்டிருந்தேன். அதுதான் சிரிப்பு என்று நினைத்தேன். என் ஆப்பீஸ் தோழிகள் ஒருவரும் ஏன் பதில் போடவில்லை என்று இப்போது புரிகிறது.

கிண்டி_டு_கேஎல் · புதன், இரவு 9.55

ராணி சொல்வதில் எனக்கு முழு உடன்பாடு இல்லை. ஷேர் ஆட்டோவில் பெண்கள்தான் அதிகம் வருவார்கள், அந்த மீமை அனுப்புவதும் அதிகம் அவர்களே. எல்லாவற்றையும் எடுத்துவிட்டால் சொல்வதற்கு ஒன்றும் மிஞ்சாது.

ரவாங்_ராணி · புதன், இரவு 10.02

எடுக்கச் சொல்லவில்லை. யாருடைய உடம்பை வைத்துச் சிரிக்கிறோம் என்று பார்க்கச் சொல்கிறேன். ஓட்டுநரின் பொய்யை வைத்துச் சிரித்தால் நானும் சிரிப்பேன்.

மாறன்77 · வியாழன், காலை 7.45

கவிதா, வரைவதை விட உண்மைப் படம் போடுங்கள். 2022 நவம்பரில் கிளானா ஜெயாவிலிருந்து அம்பாங் பார்க் வரைக்கும் 16 நிலையங்கள் சில நாள் மூடிக் கிடந்ததே, அப்போது என் குழுவுக்கு வந்த படம் ஒன்று இருக்கிறது. நடைமேடையில் நிற்க இடமில்லை. எல்லோருக்கும் அந்த நாள் ஞாபகம் இருக்கும், பார்த்தவுடன் உறைக்கும். கீழே இணைத்திருக்கிறேன்.

ரவாங்_ராணி · வியாழன், காலை 8.20

மாறன், படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். ஒருவர் முகத்திலும் மாஸ்க் இல்லை. 2022 நவம்பரில் கடைகளில் மாஸ்க் கட்டாயம் இல்லை, ஆனால் பஸ் ரயிலில் கட்டாயம்தான். அது 2023 ஜூலையில்தான் தளர்ந்தது. இவ்வளவு கூட்டத்தில் ஒருவர்கூட மாஸ்க் போடாமல் இருக்க வாய்ப்பே இல்லை. இது 2020க்கு முந்தைய படமாகத்தான் இருக்கும். யாரோ அந்த வாரத்தில் பழைய படத்தைப் பரப்பிவிட்டிருக்கிறார்கள்.

பழைய_ரூட் · வியாழன், காலை 8.45

ராணி அம்மா கண் கூர்மை. பழைய படம் பரவினால் வேலை செய்கிறவர்களுக்குத் தலைவலி. பாதை சரியாக ஓடும் நாளில் "அங்கே போகாதே, கூட்டம்" என்று மக்கள் வேறு பக்கம் போய் அங்கே நெரிசலாகிவிடும். அப்புறம் படத்தில் நிற்பவர்களும் ஆட்கள்தானே. முகம் தெரியும் படத்தை மீமாக்கினால், அந்த ஆளைக் கேட்காமல் ஊர் முழுக்க அனுப்புகிறோம். வரைந்த படமே நல்லது.

மாறன்77 · வியாழன், காலை 9.10

படத்தை நீக்கிவிட்டேன். மாஸ்க்கைக் கவனிக்கவே இல்லை. முகம் விஷயத்தில் மட்டும் எனக்குச் சந்தேகம், பொது இடத்தில் எடுத்த படம்தானே. அதை இன்னொரு நாள் பேசுவோம்.

செந்தூல்_கவிதா · வியாழன், இரவு 9.20

இன்று காலை 7.50க்கு மஸ்ஜிட் ஜாமெக்கில் போனைப் பையில் வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டே நின்றேன். கதவு திறக்கிறது. வாசலில் ஆட்கள் சுவர் மாதிரி நிற்கிறார்கள். ஆனால் அவர்கள் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தால், இரண்டு கதவுக்கு நடுவில், இருக்கைகளுக்கு இடையே, ஐந்தாறு பேர் தாராளமாக நிற்க இடம் இருக்கிறது. ஒருவர் அங்கே கையை மடக்காமல் போன் பார்க்கிறார். நான் ஏற முடியவில்லை. கதவு மூடியது.

அண்ணே, அவர்கள் ஏன் உள்ளே போக மாட்டேன் என்கிறார்கள்? வேண்டுமென்றா?

பழைய_ரூட் · வியாழன், இரவு 10.00

கேட்க வேண்டிய கேள்வி. மஸ்ஜிட் ஜாமெக்கில் ஏறுகிறவர்கள் எங்கே இறங்குகிறார்கள்? டாங் வாங்கி, கம்போங் பாரு, அதற்கடுத்து கேஎல்சிசி. காலையில் அங்கே மாறி ஏறுகிற உங்களைப் போன்றவர்களுக்கு மூன்றே நிலையம். நடுவில் போய் நின்றால் கேஎல்சிசியில் வெளியே வர முடியாமல் போய்விடுமோ என்று பயம். அதனால் வாசலிலேயே வேர்விட்டு நிற்கிறார்கள். தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொருவர் செய்வதும் சரிதான். சேர்த்துப் பார்த்தால் நடுவில் இடம் வீணாகிறது, வாசலில் ஏற இறங்க நேரமாகிறது, கதவு மூடத் தாமதமாகிறது, அந்தத் தாமதத்தில் அடுத்த நிலையத்தில் ஆள் இன்னும் சேர்கிறது. பஸ்ஸுக்கு எழுதினேனே, அதே கணக்கு.

பஸ் மினியில் "மாசோக் டாலாம்" என்று கத்தினவர் செய்த வேலை இதுதான். அவர் கத்தினால், உள்ளே போனவனுக்கு ஒரு தைரியம்: இறங்கும்போதும் இந்த ஆள் கத்தி வழிவிடச் சொல்வார். "ஆடா ஓராங் துரூன்!" என்று ஒரு சத்தம் வந்தால் வழி பிறந்துவிடும். இப்போது பதிவு செய்த குரல் நிலையத்தின் பெயரைச் சொல்கிறது, வழிவிடச் சொல்லி யார் தோளையும் தட்டுவதில்லை.

கிண்டி_டு_கேஎல் · வியாழன், இரவு 10.15

அப்படியென்றால் கவிதாவின் மீமில் ஓட்டுநருக்குப் பதில் பேச வேண்டியது வெளியே நிற்கும் ஆள். அவர் வாய் திறக்காமல் மனதுக்குள் பேச வேண்டும், ஏனென்றால் இங்கே யாரும் வாய் திறப்பதில்லை. அதுதான் கேஎல்.

செந்தூல்_கவிதா · வெள்ளி, இரவு 8.10

வரைந்துவிட்டேன். மூன்று கட்டம்.

ஒன்று: கதவு திறக்கிறது, வாசலில் முதுகுகள். முகம் யாருக்கும் இல்லை, முதுகும் பையும் மட்டும். வெளியே நான், கையில் சாப்பாட்டுப் பை.

இரண்டு: முதுகுகளுக்கு நடுவில் ஒரு சின்ன இடைவெளி. அது வழியாகத் தெரிகிறது பெட்டியின் நடுப்பகுதி, அங்கே ஒரே ஒருவர், சுற்றிலும் வெளிச்சம், தரை பளபளவென்று. என் தலைக்கு மேல் யோசனை: "உள்ள ஒரு கல்யாண மண்டபமே காலியா கிடக்கு."

மூன்று: கதவு மூடிவிட்டது. கண்ணாடியில் என் முகம். பின்னால் அத்தை, இளஞ்சிவப்பு பஸ் மினியின் வாசலில் ஒற்றைக் கையில் தொங்கிக்கொண்டு, ரயில் முழுக்கக் கேட்கிற மாதிரி: "மாசோக் டாலாம் லா!"

ஆப்பீஸ் குழுவில் போட்டேன். பத்து நிமிடத்தில் ஒன்பது பேர் பதில் போட்டார்கள். இரண்டு பேர், "வாசலில் நிற்பது நான்தான், கேஎல்சிசியில் இறங்க முடியாதோ என்று பயம்" என்று எழுதினார்கள். ஒரு மலாய்த் தோழி தமிழ் வரிகளை விட்டுவிட்டு மூன்றாவது கட்டத்தை மட்டும் தன் அப்பாவுக்கு அனுப்பினாள்.

தண்ணீர்மலை · வெள்ளி, இரவு 8.25

மண்டபம் வரி பிரமாதம். பினாங்கு பஸ்ஸுக்கும் ஒன்று போடுங்கள், பிடித்து வைத்த பஸ் ஓட்டுநரின் பக்கத்திலிருந்து. அவர் தலைக்கு மேல் ஒரு யோசனை வேண்டும், என்ன எழுதலாம் என்று எனக்குத் தெரியவில்லை.

பழைய_ரூட் · வெள்ளி, இரவு 8.50

"முன்னாடி அம்பது பேர் நிக்கிறாங்க, உங்ககிட்ட எப்படிச் சொல்றது" என்று எழுதுங்கள். என் ஓட்டுநர் ஒருவர் வயர்லெஸ்ஸில் என்னிடம் கேட்டது இது. நான் அவருக்குப் பதில் சொல்லவில்லை.

ரவாங்_ராணி · வெள்ளி, இரவு 9.05

கவிதா, அத்தை என்ன சொன்னார்?

செந்தூல்_கவிதா · வெள்ளி, இரவு 9.11

போன் பண்ணினார். சிரித்து முடித்துவிட்டு, "நான் ஒரு நாளும் வாசல்ல தொங்கல, எனக்கு எப்பவும் உள்ளதான் இடம் குடுப்பாங்க, அந்த கண்டக்டர் பெயர்கூட ஞாபகம் இருக்கு" என்றார். பெயரைச் சொன்னார். அடுத்த பத்து நிமிடம் அவரைப் பற்றித்தான் பேசினார்.